வாரம் 50 ரூபாயிலிருந்து தையல் தொழில் வரை: ஒரு குழுப் பெண்ணின் கணக்கு, படிப்படியாக

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் வேர் விட்டது 1989-இல், தருமபுரி மாவட்டத்தில். அதே மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம். 15 பேர் உள்ள குழு, வாரம் 50 ரூபாய் சேமிப்பு. கணவருக்குக் கட்டட வேலை, செல்விக்குக் கிடைத்த நாளில் கூலி. இந்த நிலையிலிருந்து அவர் சொந்தமாக ஒரு சிறு தையல் தொழில் தொடங்குவதற்கு எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும், எங்கே பணம் தேவைப்படும், எங்கே சிக்கும் என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். விலைகளும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். இங்கே உள்ளவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட கிராமத்து நடுவாந்திரத் தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

சேமிப்பு எங்கே போகிறது

வாரம் 50 ரூபாய் என்றால் ஆறு மாதத்தில் செல்வி போட்டிருப்பது 1,300 ரூபாய். இதை வைத்து ஒரு நல்ல கத்தரிக்கோலும் கொஞ்சம் துணியும் வாங்கலாம், மெஷின் வாங்க முடியாது. ஆனால் குழுவுக்கு வாரம் 750 ரூபாய் சேர்கிறது. ஆறு மாதத்தில் 19,500. இந்தப் பணம் வங்கியில் தூங்காமல் உறுப்பினர்களுக்கே கடனாகப் போய், வட்டியோடு திரும்பி வந்து, மறுபடி வேறு ஒருவருக்குப் போகிறது. செல்வியின் 50 ரூபாய்க்கு உண்மையான மதிப்பு இங்கேதான். அது அவரை இந்தப் பொதுப் பணத்தில் உரிமையுள்ள ஆளாக்குகிறது.

வட்டி நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்று குழு தீர்மானித்திருக்கிறது. ஒரு ரூபாய் வைக்கும் குழுக்களும் உண்டு. வட்டி எந்தத் தொகைக்குக் கணக்கிடப்படுகிறது என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டியது போக மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடுவதுதான் முறை. கடன் முடியும் வரை முழுத் தொகைக்கும் வட்டி போட்டால், நீங்கள் கொடுப்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இன்னொன்று: கூட்டத்துக்கு வராமல் காசை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. கடன் யாருக்கு என்று முடிவாவது அந்தக் கூட்டத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குள். வருகைப் பதிவேட்டில் பாதி நாள் பெயர் இல்லாதவருக்கு 10,000 ரூபாய் கொடுக்க யாருக்கும் மனசு வராது.

முதல் கடன் மெஷினுக்கு வேண்டாம்

பெரும்பாலானவர்கள் கையில் கடன் வந்ததும் மெஷின் வாங்கிவிட்டு அப்புறம் கற்றுக்கொள்ளப் பார்க்கிறார்கள். கற்று முடிப்பதற்குள் தவணை தொடங்கிவிடும். மெஷின் மேல் துணி மூட்டை ஏறிவிடும். ஆகவே செல்வி தலைகீழாகப் போகிறார்.

ஐந்தாவது மாதத்தில் 3,000 ரூபாய் கடன் கேட்கிறார். இதில் 1,200 ரூபாய்க்குக் கத்தரிக்கோல், இன்ச் டேப், சாக், வெட்டிப் பழகத் துணி. மீதி 1,800 ரூபாய், அவர் பயிற்சிக்குப் போகும் மாதத்தில் கூலி இல்லாமல் வீட்டில் விழும் துண்டை அடைக்க. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் பெண்கள் உடை தைக்க ஏறக்குறைய ஒரு மாதம் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள், சாப்பாடும் உண்டு. அடுத்த வகுப்பு எப்போது என்று குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலோ, வங்கியிலோ கேட்டால் தெரியும்.

ஒரு மாதத்தில் கை வந்துவிடுமா? வராது. வெட்டத் தெரியும், நேராகத் தைக்கத் தெரியும், பிறர் உடம்புக்குப் பொருந்துகிற மாதிரி தைக்க வராது. அதனால் பயிற்சி முடிந்ததும் செல்வி பக்கத்து டவுனில் ஒரு தையல் கடையிலிருந்து ஹெம்மிங், ஹூக் கட்டும் வேலையை வீட்டுக்கு எடுத்து வருகிறார். ஒரு ஜாக்கெட்டுக்கு 20 ரூபாய். வாரம் 30 ஜாக்கெட், 600 ரூபாய். இதில் 300 கடனுக்கு, 50 சேமிப்புக்கு. பத்து வாரத்தில் கடன் முடிகிறது. பயிற்சி மாதத்து வட்டி 60, அப்புறம் மூன்று மாதங்களுக்கு 60, 36, 12 என மொத்த வட்டி 168 ரூபாய். வட்டி போக, கையில் 2,300 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம்.

காசைவிடப் பெரிய லாபம் இன்னொன்று. இந்தப் பத்து வாரத்தில் 300 ஜாக்கெட்டின் உள்பக்கம் அவர் கண் முன்னால் வந்து போயிருக்கிறது. தேர்ந்த ஆள் அக்குளில் எப்படி மடிக்கிறார், டாட் எங்கே முடிகிறது, பக்கத்துத் தையலில் உள்ளே எவ்வளவு துணி விடுகிறார், முதுகுக் கழுத்துக்குப் பட்டி எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் இவ்வளவு எண்ணிக்கையில் பார்க்கக் கிடைக்காது. அந்த நேரத்தில் ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொள்வது நல்லது.

மெஷின் கடன்: ஜாக்கெட்டை வைத்துக் கணக்கு

இப்போது மெஷின். காலால் மிதிக்கும் சாதாரண மெஷின், ஸ்டாண்டு, சின்ன மோட்டார் எல்லாம் சேர்த்து 9,500 என்று வைப்போம். அயர்ன் பாக்ஸ், பலகை, நூல், ஊசி, முதல் லைனிங் துணி என்று 2,500. ஆக 12,000. கையில் உள்ளதில் 2,000 போட்டு, குழுவிடம் 10,000 கேட்கிறார். மோட்டார் இருந்தாலும் மிதிக்கும் வசதியோடு வாங்குவது கிராமத்துக்குச் சரி, கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

10,000 ரூபாயை 40 வாரத்தில் கட்டினால் வாரம் 250, முதல் மாதத்தில் வட்டி 200. அதாவது ஆரம்பத்தில் வாரம் 300 ரூபாய், சேமிப்போடு 350. இது முடியுமா என்பதற்குச் செல்வி கடன் கேட்பதற்கு முன்பே பதில் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு ஜாக்கெட்டில் என்ன மிஞ்சும் என்று தெரிய வேண்டும்.

லைனிங் ஜாக்கெட்டுக்குக் கூலி 250 ரூபாய், லைனிங் துணி அவருடையது. துணிக்கு 55, நூல், ஹூக், பைப்பிங், கரண்ட், எண்ணெய் என்று 25. செலவு 80 போக 170 மிச்சம். வெட்ட அரை மணி, தைக்க ஒன்றரை மணி, ஹெம்மிங்-ஹூக்குக்கு 40 நிமிடம், அளவு பார்ப்பது, பேசுவது எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் மணி நேரம். மணிக்கு 62 ரூபாய்.

லைனிங் இல்லாத சாதா ஜாக்கெட்டுக்கு 130 ரூபாய். செலவு 15, மிச்சம் 115. நேரம் ஒன்றே முக்கால் மணி. மணிக்கு 66 ரூபாய். பார்வைக்கு லைனிங் ஜாக்கெட்டில் அதிகம் கிடைக்கிற மாதிரி தெரியும், மணிக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆல்டர் வேலையைப் பாருங்கள்: பக்கத்தைப் பிடிக்க, பிரிக்க 30 ரூபாய், 15 நிமிடம். மணிக்கு 110 ரூபாய்க்கு மேல் வருகிறது. "ஆல்டர்லாம் நாங்க பண்றதில்லைக்கா" என்று திருப்பி அனுப்பும் புதுத் தையல்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. ஆல்டருக்கு வந்தவர்தான் அடுத்த மாதம் புதுத் துணியோடு வருகிறார்.

ஆக, வாரம் 350 ரூபாய்க்கு மூன்று ஜாக்கெட் போதும். அடுத்த கேள்வி, மூன்று வருமா? ஒரு பெண் வருடத்துக்கு நாலு ஜாக்கெட் தைப்பார் என்று வைத்தால், குழுவின் 15 பேரும் சேர்ந்து வருடத்துக்கு 60, வாரத்துக்கு ஒன்றுதான். குழுவை மட்டும் நம்பினால் தவணை கட்ட முடியாது. 45 பெண்கள் வேண்டும், அதாவது இரண்டு தெரு. அவர்களுக்கெல்லாம் ஏற்கனவே ஒரு டெய்லர் இருப்பார். அவரிடம் என்ன குறை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: சொன்ன தேதிக்குக் கிடைப்பதில்லை. செல்வி நுழைய வேண்டிய இடம் அதுதான். கூலியில் 20 ரூபாய் குறைத்துக் கொடுப்பதைவிடத் தேதியைக் காப்பது அவருக்கு லாபம்.

கணக்கைத் தீபாவளி வாரத்தை வைத்துப் போடக் கூடாது. ஆடியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் குறைவு. அந்த மாதங்களில் மூன்று ஜாக்கெட் வருமா என்று பார்த்துத் தவணையை முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் 40 வாரத்தை 50 ஆக்கிக் கேட்கலாம். வட்டி கொஞ்சம் கூடும், ஆனால் ஒரு தவணை தவறி அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதைவிட அது மேல்.

இன்னொரு நடைமுறை விஷயம். குழுவின் சேமிப்பு 26,000 இருக்கிறது என்றால் அவ்வளவும் வங்கியில் இருக்காது, பாதிக்கு மேல் மற்றவர்களிடம் கடனாக நிற்கும். அதனால் இரண்டு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். "அக்கா, தை மாசம் எனக்கு 10,000 வேணும், மெஷினுக்கு. இப்பவே எழுதி வெச்சுக்கோங்க" என்று குழுவை நடத்தும் ஊக்குநரிடம் கூட்டத்திலேயே சொல்லித் தீர்மானத்தில் ஏற்றிவிட்டால், கடைசி நேரத்தில் யாருடைய அவசரமும் அதைத் தள்ளாது.

முதல் மூன்று மாதம்: துணியைக் கெடுக்காமல் இருப்பது

இந்தத் தொழிலில் மூலப்பொருள் வாடிக்கையாளருடையது. பட்டுப் புடவையோடு வந்த ஜாக்கெட் துணியை ஒரு அங்குலம் குறைத்து வெட்டிவிட்டால், அதே துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் முதல் மூன்று மாதம் செல்வி பட்டுப் புடவைத் துணியை வாங்குவதில்லை. காட்டன், டூ பை டூ, ஆல்டர் இவை மட்டும்.

லைனிங் துணியை முந்தின இரவே தண்ணீரில் ஊற வைத்து, காயப் போட்டு, அயர்ன் செய்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஊற வைக்காத காட்டன் லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும். மேல் துணி அந்த அளவுக்குச் சுருங்காது. ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் விழும், அளவும் இறுகும். வாடிக்கையாளர் உங்களிடம் சண்டை போடமாட்டார், சும்மா வராமல் போய்விடுவார். அதனால் இந்தத் தவறு நடந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

வெட்டும்போது முதலில் லைனிங்கை வெட்டி, அளவு ஜாக்கெட்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, அதையே மாதிரியாக வைத்து மேல் துணியை வெட்டலாம். தவறு நடந்தால் 55 ரூபாயோடு போகும். அளவு ஜாக்கெட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். "இது இப்ப சரியா இருக்காக்கா, இறுக்கமா இருக்கா? கை ஏறுதா?" என்று கேட்டு, மார்பு, இடுப்பு, கைச்சுற்று மூன்றையும் டேப்பில் ஒரு முறை எடுத்துவிட வேண்டும். பக்கத்துத் தையலில் உள்ளே ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் துணி விட்டால், இறுகினாலும் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

மெஷினும் தன் குறையைத் தையலில் காட்டும். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், மேல் நூல் சரியாகக் கோக்கவில்லை அல்லது மேல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது. மேல்பக்கம் அடி நூல் தெரிந்தால், மேல் டென்ஷன் அதிகம் அல்லது பாபின் கேஸ் தளர்வு. தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். மழுங்கிய ஊசி அல்லது தலைகீழாகச் செருகிய ஊசி பல நாள் மெக்கானிக் செலவை வைத்திருக்கிறது. மெல்லிய துணிக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, தடித்ததற்கு 16 எண் ஊசி.

ஆர்டர் நோட்டும் இரண்டு டப்பாவும்

ஒரு நோட்டில் ஒரு ஆர்டருக்கு ஒரு வரி: தேதி, பெயர், என்ன வேலை, அளவு, கொடுக்க வேண்டிய நாள், முன்பணம், பாக்கி. துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அந்த வரியில் பின் குத்தி வைத்தால் யார் துணி என்று குழப்பம் வராது.

பாக்கிதான் கிராமத்துத் தையலைச் சாய்க்கும். எல்லாரும் சொந்தம், எல்லாரும் தெரிந்தவர்கள், "அப்புறம் தரேன்" என்பவர்களிடம் கேட்கவும் கூச்சம். துணியை வாங்கும்போதே, "அக்கா, லைனிங் வாங்கணும், பாதி குடுத்துடுங்க" என்றால் அதில் யாருக்கும் வருத்தமில்லை, ஏனென்றால் காரணம் லைனிங். 250-இல் 125 முன்பே வந்துவிட்டால், மீதி தாமதித்தாலும் கைப்பணம் நஷ்டமாகாது.

வருகிற பணத்தை இரண்டு டப்பாவாகப் பிரிக்க வேண்டும். லைனிங் ஜாக்கெட்டுக்கு 80, சாதா ஜாக்கெட்டுக்கு 15 என்று பொருள் காசு ஒன்றில். தவணையும் சேமிப்பும் எடுத்த பிறகு மீதி வீட்டுக்கு. ஒரு சராசரி வாரத்தில் ஐந்து லைனிங், மூன்று சாதா, ஆறு ஆல்டர் என்றால் செலவு போக 1,360 ரூபாய் அளவில் வரும். 350 போக ஆயிரம் ரூபாய் வீட்டுக்கு. வேலை நேரம் வாரம் 20 மணி சொச்சம். பொருள் டப்பாவில் வீட்டுச் செலவுக்குக் கை வைத்தால், அடுத்த லைனிங் வாங்கக் கடன் கேட்க வேண்டி வரும். தொழில் நஷ்டத்தில் போவதற்கு முதல் அடையாளமே அதுதான்.

வங்கிக் கடன் வரும்போது

ஆறு மாதம் ஒழுங்காகக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டல், கணக்குப் பதிவேடு என்று ஐந்தும் நடந்த குழுவை வங்கி தரம் பார்த்துக் கடன் கொடுக்கிறது. சொத்து ஈடு கேட்பதில்லை. ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டி. வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களின் வட்டியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. செல்வியின் குழுவுக்கு 1,50,000 வருகிறது.

இங்கே ஒரு பழக்கம் நிறையக் குழுக்களைக் கெடுக்கிறது: ஆளுக்குச் சமமாக 10,000 என்று பிரித்துக்கொள்வது. தொழில் இல்லாதவருக்கு அந்தப் பத்தாயிரம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும், தவணை மட்டும் நிற்கும். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற 14 பேரும் சேர்ந்து பொறுப்பு. இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் இதே வகை. யாருக்கு எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்து, அதன்படி பிரிப்பதுதான் சரி.

செல்வியின் மெஷின் கடன் அப்போது முடிந்திருக்கிறது. அவருக்கு இரண்டு ஆசை: 12,000 ரூபாய்க்குப் பீகோ மெஷின், 8,000 ரூபாய்க்கு ஓவர்லாக் மெஷின். எது முதலில்?

புடவை ஓரத்தை மடித்துத் தைக்கும் பீகோவுக்கு ஒரு புடவைக்கு 30 ரூபாய், நூல் போக 25. அந்த இரண்டு தெருவில் வாரம் இரண்டு புடவை வரும் என்றால் 50 ரூபாய். 12,000 திரும்ப 240 வாரம், நாலரை வருடம். ஓவர்லாக்கைப் பார்ப்போம். சுடிதார் தைத்தால் ஓரத்துக்கு ஓவர்லாக் இல்லாமல் முடியாது, துணி பிரியும். இப்போது அவர் வாரம் நாலு சுடிதாரை டவுனுக்குக் கொண்டுபோய், ஒன்றுக்கு 20 ரூபாய் கொடுத்து ஓவர்லாக் போட்டு வருகிறார். 80 ரூபாய். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாலும் போய்வர மூன்று மணி நேரம், மணிக்கு 60 வீதம் 180. ஆக வாரம் 260 ரூபாய் மிச்சமாகும், அந்த நேரத்தை வேறு தையலுக்குக் கொடுக்க வேலை இருந்தால். 31 வாரத்தில் மெஷின் காசு வந்துவிடும். ஓவர்லாக் போதும். அவர் கேட்க வேண்டியது 8,000. பத்தாயிரம் கிடைக்கிறதே என்று கூட இரண்டாயிரம் வாங்க வேண்டியதில்லை.

இன்னொரு கை

ஒரு நிலைக்கு மேல் செல்வியின் நேரம்தான் தடை. ஜூனில் யூனிஃபார்ம், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்து ஜாக்கெட் என்று குவியும்போது, ஹெம்மிங்கையும் ஹூக்கையும் குழுவில் வேறொரு பெண்ணிடம் கொடுக்கலாம். 40 நிமிடம் அவருக்கு மிஞ்சும். மணிக்கு 62 என்ற கணக்கில் அதன் மதிப்பு 41 ரூபாய். 25 ரூபாய் கூலி கொடுத்தாலும் ஒரு ஜாக்கெட்டுக்கு 16 ரூபாய் லாபம், சொன்ன தேதிக்கும் கொடுக்க முடியும்.

இந்த 16 ரூபாய் வருவது, மிஞ்சிய 40 நிமிடத்தில் தைக்க இன்னொரு ஜாக்கெட் காத்திருந்தால் மட்டும்தான். ஆடியில் வேலை இல்லாதபோதும் பழக்கத்துக்கு வெளியே கொடுத்தால், ஜாக்கெட்டுக்கு 25 ரூபாய் சும்மா போகும். ஆர்டர் நோட்டில் அடுத்த ஏழு நாளுக்குக் கொடுக்க வேண்டியவற்றை எண்ணிப் பார்த்து, அவற்றைத் தானே முடிக்க முடியாது என்று தெரிந்த வாரங்களில் மட்டும் வெளியே கொடுக்கட்டும். வேலை எடுக்கும் பெண்ணிடமும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவரும் அந்தக் கூலியை நம்பி ஒரு தவணையை வைத்திருக்கலாம்.